கறுப்பு முடிக்குள் ஒளிந்திருக்கும் ஆரஞ்சு

நான் செய்துகொடுத்த படத்தை ஃபோனில் திறந்து, கண்ணாடியில் தெரிந்த தன் தலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார் அந்தப் பெண். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. "இது அது இல்லையே" என்றார். அவ்வளவுதான். படத்தில் புகை படிந்தாற்போல் ஒரு சாம்பல் பழுப்பு, வேரிலிருந்து நுனி வரை ஒரே சீராக இருந்தது. கண்ணாடியிலோ உச்சந்தலையைச் சுற்றி இரண்டு மூன்று விரற்கடைக்கு ஆரஞ்சு கலந்த பொன்னிறம், அதற்குக் கீழே கருஞ்சிவப்புப் பழுப்பு. ஐந்து மணி நேரம் நின்றபடியே வேலை பார்த்த கலரிஸ்ட் அக்கா, கையுறையைக் கழற்றாமலேயே என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் முழுதாகச் செரித்துக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

என் வேலை புகைப்படங்களைத் திருத்துவது. தலைமுடிக்கு வண்ணம் போட வருபவர்களுக்கு, அவர்கள் படத்திலேயே புது நிறத்தைப் போட்டுக் காட்டினால் தயக்கம் குறையும் என்று அக்கா கேட்டார், நானும் ஒத்துக்கொண்டேன். நிஜம் போலத் தெரிய வேண்டும் என்பதுதான் நான் எனக்கே வைத்துக்கொண்ட ஒரே விதி. நெற்றியோரக் குட்டி முடி, வகிட்டில் தெரியும் தோல், தோளில் விழும் நிழல் என்று எல்லாவற்றையும் கவனித்தேன். அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்த யாரும் அது திருத்திய படம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நம்பியதே அதனால்தான். மோசமாகச் செய்திருந்தால் "சும்மா ஒரு மாதிரிக்கு" என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

ஷேட் கார்டை நம்பியது

நான் செய்த தவறின் வேர் ஷேட் கார்டில் இருந்தது. அக்கா காட்டிய 7.1 என்ற குச்சத்தைப் படம் எடுத்து, அதன் நடு நிறத்தை எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணில் புள்ளிக்கு முன்னால் இருப்பது ஆழம், சலூன் பேச்சில் லெவல். 1 என்றால் கறுப்பு, 10 என்றால் மிக வெளிர் பொன்னிறம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது சாயல். பெரும்பாலான நிறுவனங்களில் .1 சாம்பல், .3 பொன், .4 செம்பு. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரியாமல் போனது வேறொன்று: அந்தக் குச்சம் பெரும்பாலும் செயற்கை இழை. அதற்குச் சொந்த நிறம் கிடையாது, பழைய சாயம் கிடையாது. வெள்ளைத் தாளில் வாட்டர்கலர் பூசினாற்போல் நிறம் அப்படியே தெரியும். தலையில் இருப்பது வெள்ளைத் தாள் இல்லை.

கறுப்பு முடி உண்மையில் வெறும் கறுப்பு இல்லை. அதில் கரும்பழுப்பு நிறமி ஒன்றும், செம்மஞ்சள் நிறமி ஒன்றும் கலந்திருக்கின்றன. ப்ளீச் போடும்போது கரும்பழுப்பு சீக்கிரம் உடைகிறது. செம்மஞ்சள் பிடிவாதமாக நிற்கிறது. அதனால் கறுப்பு முடி வெளுக்கும்போது சாம்பலாக வெளுப்பதில்லை. முதலில் சிவப்பு, லெவல் 5 வாக்கில் செவ்வாரஞ்சு, 6இல் ஆரஞ்சு, 7இல் பொன் கலந்த ஆரஞ்சு, 8இல் மஞ்சள், அப்புறம்தான் வெளிர் மஞ்சள். சாம்பல் பழுப்பு வேண்டுமென்றால் இந்த வழியில் லெவல் 7 வரை நடந்துபோய், அங்கே நிற்கும் ஆரஞ்சின் மேல் நீலச் சாயலுள்ள டோனரைப் போட்டு அதை அடக்க வேண்டும். நடுவில் குறுக்குவழி இல்லை. ப்ளீச் இல்லாமல் சாயத்தை மட்டும் 20 வால்யூம் டெவலப்பரில், அதாவது 6% பெராக்சைடில், கலந்து போட்டால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு லெவல்தான் ஏறும். லெவல் 2 முடியில் 7.1 டியூபைக் கொட்டினாலும் கிடைப்பது லேசாகச் சிவந்த அடர் பழுப்புதான்.

அந்தப் பெண்ணின் தலையில் இன்னொரு ரகசியமும் இருந்தது. நரையை மறைக்க அவர் பல வருடங்கள் கறுப்புச் சாயம் போட்டுவந்தவர். கடைசி சில மாதங்கள்தான் போடவில்லை. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆக, வேரில் நான்கைந்து சென்டிமீட்டர் சொந்த முடி, மீதி முழுக்கச் சாயத்தின் மேல் சாயம். என் படத்தில் இரண்டும் ஒரே கறுப்பு. ப்ளீச்சுக்கு இரண்டும் ஒன்றில்லை. வேர் தலைச்சூட்டிலும் சேர்ந்து வேகமாக வெளுத்தது. கீழே சாயமேறிய பகுதி நகரவே மறுத்தது.

"இதுல ப்ளீச் எங்க இருக்கு?"

அடுத்த நாள் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எப்படிப் பண்ணுறேன்னு காட்டு, பார்க்கலாம்" என்றார். படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து ஒவ்வொரு லேயராகச் சொன்னேன். இது முடியை மட்டும் தேர்ந்தெடுக்கும் மாஸ்க். இது வெளிச்சம் ஏற்றுவது. கறுப்பு முடியின் மேல் `Color` முறையில் நிறத்தை மட்டும் வைத்தால் எதுவுமே தெரியாது. அந்த முறை அடியில் இருக்கும் வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடும், கறுப்பில் வெளிச்சமே இல்லையே. அதனால் முதலில் `Curves` வைத்துக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். அதற்கு மேல் சாம்பல் பழுப்பு. முடிந்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "இதுல ப்ளீச் எங்க இருக்கு?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வெளிச்சம் ஏத்துறேன்னு சொன்னியே, ஏத்தினதும் அது சாம்பலா நிக்குது. என் கையில அது ஆரஞ்சா நிக்கும். நீ ஆரஞ்சைப் பார்க்காமலே அடுத்த படிக்குப் போயிட்ட. எனக்கு நாள் முழுக்க அந்த ஆரஞ்சோடதான் சண்டை."

அந்த ஒரு கேள்வியில் என் வேலையின் வரிசையே தலைகீழானது. அதுவரை நான் போக வேண்டிய நிறத்தில் தொடங்கி, அதை முடியின் மேல் எப்படி நம்பும்படி ஒட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா இருக்கும் முடியில் தொடங்கி, அது எது வரை போகும் என்று யோசிப்பவர். என் லேயர்கள் அவர் கிண்ணங்களின் வரிசையிலேயே இருந்திருக்க வேண்டும். முதலில் வெளுப்பு, வெளுத்ததும் தெரியும் சூடான நிறம், அதன் மேல் டோனர், மூன்றும் தனித்தனியாக. கேட்டால் சின்ன விஷயம்தான். ஆனால் ஆரஞ்சு லேயரை வைத்து அதன் மேல் சாம்பலைப் பரப்பினால் கிடைக்கும் பழுப்பும், சாம்பலை நேராகப் பூசினால் கிடைக்கும் பழுப்பும் ஒன்றில்லை. முன்னதில் நிழல் பகுதிகளில் ஒரு செம்மை தங்கும். டோனர் போட்ட நிஜ முடியிலும் அது தங்கும்.

ஒரு தலை, படிப்படியாக

கொஞ்ச நாளில் இன்னொருவர் வந்தார். அவருக்கும் 7.1தான் வேண்டும். இந்த முறை நிறத்தைத் தொடவே இல்லை. முதலில் கேள்விகள்: கடைசியாக எப்போது சாயம் போட்டீர்கள், மருதாணி போட்டதுண்டா, முடியை நேராக்கியதுண்டா? எதுவும் இல்லை என்றார். அதை மட்டும் நம்பாமல், வெயில் படும்படி முடியைப் பிடித்து ஒரு படம் எடுத்தேன். சொந்தக் கறுப்பு முடியில் வெயில் பட்டால் ஓரங்களில் செம்பழுப்பு மின்னும். சாயக் கறுப்பு பெரும்பாலும் மை போலத் தட்டையாக, சில சமயம் நீலம் பாரித்து நிற்கும். இவருக்கு வேர் முதல் நுனி வரை ஒரே மாதிரி மின்னியது. அக்கா ஒரு கற்றையைத் தூக்கிப் பார்த்து, "லெவல் 3, சுத்தமான முடி" என்றார்.

அடிப்படைப் படத்தை ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், முடியை அவிழ்த்துவிட்டு எடுத்தேன். ஃபோனின் அழகுபடுத்தும் வசதியை அணைத்தேன். அது தோலை வழவழப்பாக்குகிறேன் என்று நெற்றியோர முடியையும் சேர்த்து மெழுகிவிடும். மடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொன்னேன். சலூன் விளக்கின் மஞ்சள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும், அதை வைத்து வெள்ளைச் சமநிலையைத் திருத்திக்கொள்ளலாம். இதை விட்டுவிட்டால் சாம்பல் நிறம்தான் முதலில் பொய்யாகிப்போகும். மஞ்சள் ஏறிய படத்தில் சாம்பல் பூசினால் அது சாதாரணப் பழுப்பாகத் தெரியும், நாமும் இன்னும் கொஞ்சம் நீலத்தைக் கூட்டிவிடுவோம்.

மாஸ்கைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. `Select and Mask` முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். ஒன்றே ஒன்று: காற்றில் பறக்கும் ஒற்றை முடிகளை முழு அடர்த்தியில் நிறமாக்க வேண்டாம். ஒரு பிக்ஸல் அகலமுள்ள முடிக்குப் பின்புலத்தின் நிறமும் சேர்ந்தே வருகிறது. அதற்கும் நிறமேற்றினால் தலையைச் சுற்றி ஆரஞ்சுப் புகை கிளம்பும். மாஸ்கின் விளிம்பை அங்கே பாதியாகக் குறைத்தால் போதும். புருவத்தைத் தொடவே கூடாது. நிஜத்தில் அது கறுப்பாகத்தான் இருக்கப் போகிறது. பழுப்புத் தலையும் கறுப்புப் புருவமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதும் வந்தவர் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

அடுத்தது வெளுப்பு. வெளிச்சத்தை 0 முதல் 100 வரை அளக்கும் லேப் அளவில், அந்தப் படத்தில் முடியின் நடுப்பகுதி 14 வாக்கில் இருந்தது. லெவல் 7 என்று அக்கா ஒத்துக்கொள்ளும் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் படத்தை, அதே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்ததை, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் நடுப்பகுதி 40க்குப் பக்கம். ஆக, வளைவின் நடுவைத் தூக்க வேண்டும், அடிமுனையை அசைக்கக் கூடாது. முடிக்கற்றைகளுக்கு நடுவில் விழும் இடைவெளி எந்த நிற முடியிலும் இருட்டுதான். நான் முன்பு அடிமுனையையும் சேர்த்துத் தூக்கிவிடுவேன். அப்போது தலை முழுக்கத் திருநீறு தூவினாற்போல் ஒரு வெளிறல் வந்துவிடும். அதைச் 'சாம்பல் சாயல்' என்று நானே நம்பியும் இருக்கிறேன்! கறுப்பை இவ்வளவு தூக்கும்போது படத்தின் தரமும் வெளியே வந்துவிடும். வாட்ஸ்ஆப்பில் சுருங்கி வந்த படமாக இருந்தால் முடிக்குப் பதில் சதுரக் கட்டங்கள் தெரியும். அப்படித் தெரிந்தால் மேற்கொண்டு மெனக்கெடுவதில் பயனில்லை, வேறு படம் எடுக்க வேண்டியதுதான்.

வெளுப்பின் மேல் ஆரஞ்சு. `Color` முறையில் பொன் கலந்த ஆரஞ்சை வைத்தேன். வேர்ப்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு இன்னும் கொஞ்சம் பிரகாசம், நுனிப்பக்கம் கொஞ்சம் மங்கல். அதற்கு மேல் தனி லேயரில் நீலச் சாம்பல் டோனர், முதலில் 40% அடர்த்தியில். நெற்றிப் பொட்டோரம் பத்துப் பதினைந்து நரைமுடிகள் இருந்தன. வளைவைத் தூக்கியதும் அவை விளக்குத் திரி போலப் பளீரென்று எரிந்தன. நரையில் வெளுக்க எதுவும் இல்லை, அடியில் ஆரஞ்சும் இல்லை. அதனால் அவற்றை வளைவிலிருந்தும் ஆரஞ்சு லேயரிலிருந்தும் மாஸ்க் செய்து விலக்கி, டோனரை மட்டும் விட்டேன். லேசாக நீலம் தட்டியது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம், அங்க அப்படித்தான் பிடிக்கும்" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

பளபளப்பு காட்டிக்கொடுக்கும்

இவ்வளவு செய்தும் படம் விக் மாட்டினாற்போல் இருந்தது. எங்கே தப்பு என்று பிடிபட வெகு நேரம் ஆனது. உச்சியில் விழுந்த வெளிச்சப்பட்டைதான் காரணம். மற்ற முடியோடு சேர்த்து அதையும் நான் பழுப்பாக்கியிருந்தேன்.

முடியிழை மேல் விழும் ஒளியில் ஒரு பங்கு வெளிப்புறச் செதில்களில் பட்டு அப்படியே திரும்பிவிடும். அது உள்ளே போகவே இல்லை, எனவே முடியின் நிறம் அதற்கு ஒட்டாது. ஜன்னல் வெளிச்சம் வெள்ளை என்றால் அந்தப் பளபளப்பும் வெள்ளைதான். இன்னொரு பங்கு இழைக்குள் புகுந்து, பின்சுவரில் மோதித் திரும்பி வெளியே வரும். அதற்கு முடியின் நிறம் ஏறியிருக்கும், அது முதல் பட்டைக்குச் சற்றுத் தள்ளி, பரவலாக விழும். கணினி வரைகலையில் முடி வரைபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2003இல் ஸ்டீவ் மார்ஷ்னரும் அவருடைய சகாக்களும் இழை இழையாக அளந்து எழுதியதன் மேல்தான் இன்று திரையில் பார்க்கும் செயற்கை முடியில் பெரும்பகுதி நிற்கிறது. கறுப்பு முடியில் உள்ளே போகும் ஒளியை நிறமி விழுங்கிவிடுவதால் முதல் பட்டை மட்டும்தான் கண்ணில் படும். வெளுத்த முடியில் இரண்டாவது பட்டையும் எழுந்துவரும். அதாவது, கறுப்பு முடியை வெறுமனே வெளிச்சமாக்கினால் போதாது. அதில் முன்பு இல்லாத ஒரு பளபளப்பை நாமே சேர்க்க வேண்டும், ஏற்கெனவே இருப்பதை வெள்ளையாகவே விட வேண்டும்.

வெள்ளையை வெள்ளையாகவே விடும் வேலையை `Blend If` செய்துகொடுத்தது. நிற லேயர்களில் `Underlying Layer` என்ற கோட்டின் வலப்பக்க முக்கோணத்தை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் அது இரண்டாகப் பிரியும். ஒரு பாதியை 185இலும் மற்றதை 235இலும் நிறுத்தினேன். அதற்கு மேலான வெளிச்சத்தில் நிறம் மெல்லக் கரைந்து வெள்ளை திரும்பிவந்தது. புதிதாகச் சேர்க்கும் பளபளப்புக்குத் தனி லேயர், `Soft Light` முறை, மெல்லிய தூரிகை. வெள்ளைப் பட்டைக்குச் சற்று மேலே, வேர்ப்பக்கமாக, முடி ஓடும் திசையிலேயே, பொன்னிறத்தில் சில கோடுகள். ஒரு பக்கம் முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். இடப்பக்கம் முடி, வலப்பக்கம் இன்னும் விக்.

கடைசியாக மூன்று படங்கள் தயாரித்தேன். ஒன்று, டோனர் முழுதாக இருக்கும் முதல் நாள். இரண்டு, ஆறு வாரம் கழித்து: டோனர் லேயரை 15%க்கு இறக்கி, வேரில் ஒன்றரை சென்டிமீட்டர் பழைய கறுப்பைத் திரும்ப விட்டது. சாம்பல் டோனர் கழுவக் கழுவப் போய்விடும், அடியில் இருக்கும் சூடு மேலே வரும். இதைச் சொல்லாமல் முதல் நாள் படத்தை மட்டும் காட்டுவது என் கணக்கில் பாதிப் பொய். மூன்றாவது, ப்ளீச் இல்லாமல் சாயம் மட்டும் போட்டால் கிடைக்கும் லெவல் 4 பழுப்பு. யாருக்கும் படத்தை முன்கூட்டி அனுப்புவதில்லை என்றும் முடிவுசெய்திருந்தோம். இரவில், திரை மஞ்சளாகும் வசதி இயங்கும்போது பார்த்தால் சாம்பலும் பொன்னாகத் தெரியும். ஜன்னலோரத்தில் வைத்து, ஒரே திரையில், அக்காவும் கூட இருக்கும்போதுதான் காட்டுவது.

மூன்றிலும் இல்லாத படம்

அவர் வந்து உட்கார்ந்தார். முதல் படம் பிடித்திருந்தது. இரண்டாவதைக் காட்டியதும் முகம் கொஞ்சம் மாறியது. "ஆறு வாரத்துலயேவா?" என்றார். "நீங்க வாரத்துக்கு எத்தனை நாள் தலைக்குக் குளிப்பீங்க?" என்று அக்கா கேட்க, அவர் விரல்களை எண்ண, பேச்சு ஷாம்புவுக்குப் போனது. மூன்றாவதைப் பார்த்து, "இது இப்ப இருக்கிற மாதிரியேதானே இருக்கு" என்று ஒதுக்கிவிட்டார். அவர் சொன்னது சரிதான்.

ஏன் இத்தனை படிகள் என்று விளக்கலாமே என்று மூலக் கோப்பைத் திறந்து, லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டினேன். டோனரின் கண் குறியை அழுத்தியதும் சாம்பல் போய் அடியிலிருந்த ஆரஞ்சு வெளியே வந்தது. "ப்ளீச் போட்டதும் இப்படித்தான் நிக்கும், இதுக்கு மேலதான்..." என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க. இதுவே நல்லா இருக்கே."

அக்காவைப் பார்த்தேன். அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். அவர் முகத்தை வைத்தே சொல்லலாம், தலைக்குள் கிண்ணங்களை மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். "அப்படியே வெறுமையா விட முடியாது, முடி சொரசொரன்னு இருக்கும். செம்பு டோனர் போட்டுடலாம். அடியில இருக்கிறதும் அதே பக்கம்தான், சண்டையே வராது. வெளுத்தாலும் அசிங்கமா வெளுக்காது." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இதுக்கு 7 எதுக்கு? 6 போதும். ஒரு படி கீழ இறக்கிக் காட்டு."

வளைவின் நடுப்புள்ளியைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தேன். பொன் கலந்த ஆரஞ்சு அடர்ந்து செம்பாகும் இடத்துக்கு வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "போதும்" என்றார்கள்.